வீன் பிரிட்ஜ் ஆஸிலேட்டர்: அதிர்வெண் சொன்னபடி கேட்கும், கெயின்தான் படுத்தும்

ஆடியோ ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்கும் என் மேசையில் சில ஆண்டுகளாக சைன் அலையைத் தானே உருவாக்கும் சர்க்யூட்டான ஒரு வீன் பிரிட்ஜ் ஆஸிலேட்டர் நிரந்தரமாகக் குடியிருக்கிறது. ஒரு டி.எல். 072 ஆப்-ஆம்ப், பிளஸ் மைனஸ் 12 வோல்ட் சப்ளை, கொஞ்சம் ரெசிஸ்டர், கொஞ்சம் கெபாசிட்டர். கடையில் கிடைக்கும் டிஜிட்டல் சிக்னல் ஜெனரேட்டர் ஒன்றும் பக்கத்திலேயே இருக்கிறது. அதில் எண்ணைத் தட்டினால் அந்த அதிர்வெண் வந்து நிற்கும். ஆனாலும் ஒரு ஆம்ப்ளிஃபையரில் 1 கிலோ ஹெர்ட்ஸ் சைன் அலையைச் செலுத்தி ஒலி எங்கே சிதைகிறது என்று தேடும்போது, டிஜிட்டல் அலையில் இருக்கும் நுண்ணிய படிக்கட்டு இல்லாத இந்த அலையைத்தான் நம்புகிறேன். நீண்ட நாள் பயன்பாட்டில் இது எங்கே ஒத்துழைக்கிறது, எங்கே முரண்டு பிடிக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

ஒத்துழைக்கும் பக்கம் அதிர்வெண். ஆப்-ஆம்பின் வெளியீட்டிலிருந்து பிளஸ் முனைக்கு ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெபாசிட்டரும் தொடராகப் போகின்றன. பிளஸ் முனையிலிருந்து தரைக்கு அதே மதிப்புள்ள இன்னொரு ஜோடி இணையாக இறங்குகிறது. குறைந்த அதிர்வெண்ணில் தொடர் கெபாசிட்டர் வழியை அடைக்கிறது. கூடிய அதிர்வெண்ணில் இணைக் கெபாசிட்டர் சிக்னலைத் தரைக்கு விட்டுவிடுகிறது. இடையில் ஒரே ஒரு அதிர்வெண்ணில் மட்டும் வெளியீடும் பிளஸ் முனையும் ஒரே கட்டத்தில் ஏறி இறங்குகின்றன. அந்த இடம்:

```
f = 1 / (2π R C)
```

நான் போட்டிருப்பது 16 கிலோ ஓம், 10 நானோ ஃபாரட். கணக்கில் 995 ஹெர்ட்ஸ் வருகிறது. கெபாசிட்டர்களைப் பொறுத்துச் சில ஹெர்ட்ஸ் இப்படி அப்படி நகரும். அதைத் தவிர இந்தச் சூத்திரம் என்னை அலைக்கழித்ததே இல்லை.

கெயின் கதை வேறு. அந்த ஒற்றை அதிர்வெண்ணில் கெபாசிட்டரின் எதிர்ப்பும் ரெசிஸ்டரின் மதிப்பும் சமம். கணக்குப் போட்டுப் பார்த்தால், இணை ஜோடியின் மின்மறுப்பு தொடர் ஜோடியினுடையதில் சரியாகப் பாதி, கோணமும் அதே. ஆக மொத்தம் மூன்று பங்கில் ஒரு பங்குதான் பிளஸ் முனைக்கு வந்து சேர்கிறது. மூன்றில் ஒன்றாகக் குறைந்ததை ஆப்-ஆம்ப் மூன்று மடங்காக்கித் திருப்பித் தந்தால் அலை அப்படியே நீடிக்கும். மைனஸ் முனையில் தரைக்குப் போகும் ரெசிஸ்டர் 10 கிலோ ஓம் என்றால், பின்னூட்ட ரெசிஸ்டர் 20 கிலோ ஓம்; கெயின் 1 + 20/10 = 3. பாடப்புத்தகம் இங்கே அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறது.

மேசையில் விஷயம் இங்கேதான் தொடங்குகிறது. கெயின் 3-க்கு ஒரு மயிரிழை கீழே போனாலும் அலை தேய்ந்து அணைந்துவிடும். ஒரு மயிரிழை மேலே போனால், சப்ளையின் உச்சியில் முட்டித் தலை தட்டையாகும்வரை வளரும். ஒரு சதவீத ரெசிஸ்டர்களை வாங்கிப் போட்டாலும் கெயின் 2.99-ஆ 3.01-ஆ என்பது அதிர்ஷ்டம்தான். அதைவிடப் பெரிய சிக்கல், தேவைப்படும் கெயினே 3 அல்ல என்பது. இரண்டு ஜோடியும் துல்லியமாக ஒன்றுபோல இருந்தால்தான் அது 3. தொடர் ஜோடியை R1, C1 என்றும், இணை ஜோடியை R2, C2 என்றும் வைத்துக்கொண்டால் முழுச் சூத்திரம் இது:

```
f = 1 / (2π √(R1 R2 C1 C2))
A = 1 + R1/R2 + C2/C1
```

என் கெபாசிட்டர்கள் இரண்டிலும் 10 நானோ என்றுதான் அச்சடித்திருக்கிறது. மீட்டரில் ஒன்று 9.6, மற்றொன்று 10.3. ஐந்து சதவீதச் சரக்கில் இது நியாயமான வித்தியாசம்தான். 10.3-ஐ இணைப் பக்கமும் 9.6-ஐத் தொடர்ப் பக்கமும் வைத்தால், தேவையான கெயின் 1 + 1 + 1.073, அதாவது 3.07. இரண்டையும் இடம் மாற்றி வைத்தால் அது 2.93. அதிர்வெண்ணோ இரண்டு விதத்திலும் சரியாக 1000 ஹெர்ட்ஸ்தான், ஏனென்றால் அது பெருக்கற்பலனை மட்டும் பார்க்கிறது. கெயினை 3 என்று இறுக்கி வைத்த சர்க்யூட்டில், முதல் விதத்தில் அலையே வராது. இரண்டாவது விதத்தில் தலை வெட்டுப்பட்ட அலை வரும். பாகம் எதுவும் பழுதில்லை, இணைப்பும் சரி, ஆனாலும் உயிர் இல்லை என்று யாராவது போர்டைத் தூக்கிக்கொண்டு வந்தால், நான் முதலில் கெபாசிட்டர்களைக் கழற்றி அளக்கச் சொல்வது இதனால்தான்.

ஆகவே கெயின் தானே இளகி இறுகும்படி அமைக்க வேண்டியிருக்கிறது. என் போர்டில் பின்னூட்டத்தில் 18 கிலோ ஓம், அதற்குத் தொடராக 3.3 கிலோ ஓம். அந்த 3.3-இன் குறுக்கே எதிரெதிர்த் திசையில் இரண்டு 4148 டயோடுகள். அலை சிறியதாக இருக்கும்போது டயோடுகள் திறப்பதில்லை, 21.3 கிலோ ஓமும் முழுதாக நின்று கெயின் 3.13 ஆகிறது, அலை வளர்கிறது. வளர வளர டயோடுகள் அந்த 3.3-ஐக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்குகின்றன. எந்த வீச்சில் சராசரிக் கெயின் தேவைப்பட்ட மதிப்புக்கு இறங்குகிறதோ, அங்கே அலை நிலைகொள்கிறது. பொருத்தமான ஜோடி இருந்தால் வெளியீட்டு உச்சம் சுமார் 8 வோல்ட். என்னுடைய 9.6, 10.3 ஜோடியை 3.07 கேட்கும் விதத்தில் வைத்தால் அது 5, 6 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. இடம் மாற்றினால் 12 வோல்ட் சப்ளையைத் தாண்டிப் போகப் பார்த்து உச்சியில் நசுங்குகிறது. வெளியீட்டு வோல்ட்டைப் பார்த்தே ஜோடி எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லிவிடலாம்.

கெயினை இன்னும் தாராளமாக வைத்தால் என்ன? 3.3-க்குப் பதில் 4.7 போட்டால் ஆரம்பக் கெயின் 3.27. எந்த ஜோடியும் தடுமாறாமல் கிளம்பும். வீச்சு பெரிதாக மாறாது, ஆனால் மின்னோட்டத்தில் கூடுதல் பங்கை டயோடுகள் சுமக்க வேண்டிவருவதால் மூன்றாம் ஹார்மோனிக் ஏறும். சிதைவைத் தேடுவதற்காக வைத்திருக்கும் கருவியே சிதைவைச் சேர்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் ஜோடியைப் பொறுக்கி எடுத்துவிட்டு 3.3-லேயே நின்றேன்.

மிச்சக் கெயினைக் கஞ்சத்தனமாக வைப்பதற்கும் விலை உண்டு. அது கிளம்பும் நேரம். தேவைக்கு மேல் இருக்கும் கெயினை δ என்றால், அலை ஒவ்வொரு 2/(δ × 2πf) வினாடிக்கும் 2.7 மடங்கு வளரும். 1 கிலோ ஹெர்ட்ஸில் δ 0.13 என்றால் இது இரண்டரை மில்லி வினாடி. சப்ளை போட்டவுடன் எழும் ஒரு மில்லிவோல்ட் அதிர்ச்சி 8 வோல்ட்டாக வளர ஏறத்தாழ 22 மில்லி வினாடி போதும், கண்ணுக்கே தெரியாது. அதே போர்டில் பெரிய கெபாசிட்டர் போட்டு 10 ஹெர்ட்ஸுக்கு இறக்கி, δ-வை 0.01-க்குக் குறைத்துவிட்டால், ஒவ்வொரு 2.7 மடங்குக்கும் மூன்று வினாடிக்கு மேல் ஆகிறது. முழு வீச்சுக்கு வர அரை நிமிடம் பிடிக்கும். ஸ்கோப்பில் நேர்கோட்டைப் பார்த்துவிட்டு அவசரப்பட்டு அணைத்துவிடக் கூடாது. அலை வந்துகொண்டுதான் இருக்கும்.

வருடக்கணக்கில் பயன்படுத்தியதில் முதலில் தேய்ந்தது அதிர்வெண்ணை மாற்றும் இரட்டை வால்யூம் கன்ட்ரோல். ஒரே தண்டில் இரண்டு ரெசிஸ்டன்ஸ் பாதை. R1-ம் R2-ம் சேர்ந்து நகர வேண்டும். புதிதிலேயே இரண்டு பாதையும் சமமாக இருப்பதில்லை. தேய்ந்தபின் பேதம் கூடுகிறது, முக்கியமாகக் குமிழின் கடைசிப் பகுதியில். R1 பத்து சதவீதம் கூடினால் தேவையான கெயின் 3.1. என் போர்டு தரக்கூடியது 3.13 என்பதால் நூலிழையில் தொங்கும்; குமிழைத் திருப்பும்போது அலை சுருங்கிச் சுருங்கி வரும். R1 அதே அளவு குறைந்தால் 2.9 போதும், அங்கே அலை பெருத்து நசுங்கும். இப்போது தொடர்ந்து மாறும் கன்ட்ரோலை எடுத்துவிட்டு, அளந்து பொறுக்கிய ரெசிஸ்டர் ஜோடிகளோடு ஒரு ரோட்டரி சுவிட்ச் போட்டிருக்கிறேன். குமிழ் இழுவையின் சுகம் போய்விட்டது, ஆனால் எந்தப் படியிலும் வோல்ட் மாறுவதில்லை.

பழைய முறை இதைவிட அழகானது. 1939-இல் ஸ்டான்ஃபோர்டில் வில்லியம் ஹ்யூலெட் வால்வுகளை வைத்து இந்த ஆஸிலேட்டரைச் செய்தபோது, கெயினைக் கட்டுப்படுத்த ஒரு சின்ன மின்விளக்கை வைத்தார். அலை பெரிதானால் இழை சூடாகி அதன் மின்தடை ஏறும். விளக்கு தரைக்குப் போகும் கையில் இருப்பதால் கெயின் இறங்கும். இழை ஒவ்வொரு அலைக்கும் சூடாகி ஆறாமல் சராசரியை மட்டும் பார்ப்பதால், டயோடு செய்வது போல அலையின் முதுகை நெளிக்காது. அதிர்வெண்ணை மாற்றவும் அவர் ரேடியோவில் இருக்கும் காற்றுக் கெபாசிட்டர் கேங்கைத்தான் பயன்படுத்தினார். தேய்வதற்கு அதில் கார்பன் பாதையே கிடையாது. ஆனால் விளக்கின் மின்தடை சில நூறு ஓம்தான். அதை ஓட்டும் மின்னோட்டத்தை டி.எல். 072 தராது, பின்னால் ஒரு பஃபர் வேண்டும். பத்து ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கினால் இழையும் அலையோடு சேர்ந்து சூடாகி ஆறத் தொடங்கி, எந்தச் சிதைவைத் தவிர்க்க அதை வைத்தோமோ அதையே கொண்டுவரும்.

கெபாசிட்டர் வாங்குபவர்களுக்கு ஒன்று. எக்ஸ்7ஆர் செராமிக் இந்த வேலைக்கு வேண்டாம். வெப்பத்துக்கும் வோல்ட்டுக்கும் அதன் மதிப்பு மாறும், அலையும் சிதையும். நான் போட்டிருப்பது பாலியஸ்டர். அதிலும் கோடையில் சில ஹெர்ட்ஸ் நகர்கிறது, என் வேலைக்கு அது பொருட்டில்லை. நகரவே கூடாது என்பவர்கள் என்.பி.ஓ. செராமிக் தேடலாம்.

மேல் எல்லை ஆப்-ஆம்பைப் பொறுத்தது. ஆப்-ஆம்பின் சிறு தாமதம் கட்டத்தைப் பின்னால் தள்ளுவதால், அதிர்வெண் தோராயமாக 4.5 × f / GBW என்ற விகிதத்தில் கீழே நழுவும். GBW என்பது ஆப்-ஆம்பின் கெயின்-பட்டை அகலப் பெருக்கம். 741-க்கு அது 1 மெகா ஹெர்ட்ஸ். 10 கிலோ ஹெர்ட்ஸ் கேட்டால் 4.5 சதவீதம் குறைவாகவே கிடைக்கும். அதோடு 10 வோல்ட் உச்சத்தில் 8 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் அதன் வேகம் போதாமல் சைன் அலை முக்கோணமாகிவிடும். டி.எல். 072-க்கு 3 மெகா ஹெர்ட்ஸ். அதே 10 கிலோ ஹெர்ட்ஸில் நழுவல் ஒன்றரை சதவீதம், முக்கோணப் பிரச்சினை ஆடியோ எல்லைக்குள் இல்லை. 20 கிலோ ஹெர்ட்ஸ் படிக்கு மட்டும் ரெசிஸ்டரை மூன்று சதவீதம் குறைத்துப் போட்டிருக்கிறேன்.