“போடாதே” பட்டியலைக் கைவிட்ட பிறகு: எஸ்எம்எஸ் எழுதும் ப்ராம்ப்ட், ஒரு பயன்பாட்டு அனுபவம்

கூரியர் பார்சல் தாமதமானால் வாடிக்கையாளருக்குத் தமிழில் ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும். அதை ஒரு ஏஐ மொழி மாடல் எழுதுகிறது. இதற்கு எல்லோரும் மாடலுக்கு முதலில் எழுதிக் கொடுக்கும் ப்ராம்ப்ட் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும்:

```
மன்னிப்பு கேட்காதே. மார்க்டவுன் போடாதே.
ஆங்கிலச் சொல் வேண்டாம். நீளமாக எழுதாதே.
தேதியைக் கற்பனை செய்யாதே.
```

ஒரு நாள் பார்த்தால் நன்றாகவே வேலை செய்வது போலிருக்கும். நாள்பட ஓட்டினால்தான் ஓட்டைகள் தெரியும். மார்க்டவுனுக்குத் தடை போட்டால் நட்சத்திரக் குறி போய், அந்த இடத்தில் “1)”, “2)” என்று எண்கள் வந்து உட்காரும். ஆங்கிலம் வேண்டாம் என்றால் பார்சல் “சிப்பம்” ஆகிவிடும், வாங்குபவருக்குப் புரியாது. மன்னிப்பு கேட்காதே என்றால் “வருந்துகிறோம்” என்று தொடங்கும். ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஒரு “வேண்டாம்” சேர்த்துக்கொண்டே போனால் பட்டியல்தான் நீளும், செய்தி தேறாது.

காரணம் எளிது. ஒரு தடை ஒரே ஒரு வழியை அடைக்கிறது. மீதி எல்லா வழியும் திறந்தே கிடக்கிறது, எதில் போவது என்பதை மாடலே ஊகிக்க வேண்டியிருக்கிறது. தவிர, மாடல் முன்னால் உள்ள வாசகத்தைப் பார்த்து அடுத்த துண்டை எழுதிக்கொண்டே போவது. “மன்னிப்பு” என்ற சொல்லை நாமே ப்ராம்ப்டில் வைத்தால், எந்தத் தொனியில் எழுதுவது என்பதற்கு அதுவும் ஒரு ஜாடையாகிவிடும்.

அதையே செய்ய வேண்டியதாகத் திருப்பி எழுதினால்:

```
பார்சல் தாமதமான வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் எழுது.
வாக்கியம் 1: பார்சல் எண், அது இப்போது இருக்கும் கிளை.
வாக்கியம் 2: வந்து சேரும் நாளும் நேரமும்.
தேதி தரப்படவில்லை என்றால் வாக்கியம் 2:
"வரும் தேதியை நாளை தெரிவிக்கிறோம்"
சொற்கள்: கிளைக்காரர் போனில் பேசுவது போல
(பார்சல், டெலிவரி, கிளை).
```

இரண்டு வாக்கியம், எதில் என்ன என்று சொல்லிவிட்டதால் மன்னிப்புக்கும் பட்டியலுக்கும் இடமே இல்லை. எதையும் தடை செய்யவில்லை என்பதைக் கவனிக்கவும்.

இதில் அதிகப் பலன் தருவது தேதி பற்றிய வரி. “கற்பனை செய்யாதே” என்று சொன்ன ப்ராம்ப்ட், தேதி இல்லாதபோது என்ன எழுதுவது என்று சொல்லவே இல்லை. செய்தியின் வடிவமோ ஒரு தேதியைக் கேட்கிறது. எனவே மாடல் “ஓரிரு நாட்களில்” என்று நழுவும், அல்லது ஒரு கிழமையைப் போட்டுவிடும். தகவல் இல்லாதபோது எழுத வேண்டிய வாக்கியத்தைக் கையில் கொடுத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. (அந்த வாக்கியத்தைக் காப்பாற்ற வேண்டியது கிளையின் பாடு. நாளை யாரும் தெரிவிக்கப் போவதில்லை என்றால் வேறு வாக்கியம் வையுங்கள்.)

மாதிரிச் செய்தி ஒன்றைச் சேர்ப்பதும் நல்லதுதான், ஆனால் ஒன்றே ஒன்று மட்டும் வேண்டாம். அதில் “சேலம்”, “மாலை 5 மணி” என்று இருந்தால், மதுரைப் பார்சலுக்கும் மாலை 5 மணி ஒட்டிக்கொள்ளும். ஊரும் நேரமும் வேறுபட்ட மூன்று மாதிரிகள், அவற்றில் ஒன்று தேதி இல்லாதது, என்று வைத்தால் அச்சு மட்டும் படியும்.

நீளம் தனிக்கதை. தமிழ் எஸ்எம்எஸ் ஒன்றில் 70 குறிகள்தான் கொள்ளும். தாண்டினால் பகுதிக்கு 67 வீதம் பிரியும், கட்டணமும் அதற்கேற்ப ஏறும். “நீளமாக எழுதாதே” என்பதைவிட “இரண்டு வாக்கியம்” என்பது நன்றாக வேலை செய்கிறது. “70 குறிக்குள்” என்பதை நம்ப முடியாது. மாடல் எழுத்து எழுத்தாகப் பார்ப்பதில்லை, துண்டு துண்டாகப் பார்க்கிறது. போதாக்குறைக்கு, நாம் மூன்றெழுத்து என்று எண்ணும் “தமிழ்” இங்கே ஐந்து குறி, ஏனெனில் இகரக் கொக்கியும் புள்ளியும் தனித்தனி.

```
உங்கள் பார்சல் 4471 சேலம் கிளையில் உள்ளது. நாளை மாலை 5 மணிக்குள் வரும்.
```

இது 71 குறி. கடைசி முற்றுப்புள்ளியை எடுத்தால் ஒரே எஸ்எம்எஸ், விட்டால் இரண்டு. இதைப் பைத்தானின் `len()` சரியாக எண்ணிவிடும். அந்த வேலையை ப்ராம்ப்டில் கெஞ்சுவது வீண்.

அப்படியென்றால் தடையே கூடாதா? ஒன்றிரண்டு இருக்கலாம், காரணமும் மாற்றும் சேர்ந்து வந்தால். “பணம் திரும்பத் தருவதாக எழுதாதே, அதை முடிவு செய்வது கிளை மேலாளர். பணம் பற்றிய புகார் என்றால் கிளையின் போன் எண்ணைக் கொடு.” காரணம் தெரிவதால் “தொகை வரவு வைக்கப்படும்” போன்ற சுற்றுவழிப் பேச்சும் குறைகிறது. ஆனாலும் குறைகிறதே தவிர நிற்பதில்லை. அதனால் “பணம்”, “தொகை”, “ரீஃபண்ட்” மூன்றில் ஏதாவது தென்பட்டால் செய்தியை அனுப்பாமல் நிறுத்தி, ஆள் பார்க்கும் வரிசைக்குத் தள்ளும் சோதனை ஒன்று வெளியே நிரலில் இருக்க வேண்டும்.