ஓரிஃபிஸ் பிளேட்டில் காற்றை அளக்க மூன்று வழி: நிலையான அடர்த்தியா, அழுத்த-வெப்பத் திருத்தமா, முழுக் கணக்கா?

திருகோணமலையில் நான் கருவி வேலை பார்க்கும் ஆலையில் அமுக்கக் காற்றுக்கு 4 அங்குலக் குழாய். அதில் ஓரிஃபிஸ் பிளேட் ஒன்று, துளை 61.4 மி.மீ., துளைக்கும் குழாய் உள்விட்டத்துக்கும் உள்ள விகிதமான β சுமார் 0.6. போன ஆடி மாத மத்தியானம் ஒன்றில் இரண்டு கம்ப்ரஷரில் ஒன்று நின்றுவிட, லைன் அழுத்தம் 7 பாரிலிருந்து 5.5 பாருக்கு இறங்கியது. மீட்டர் மட்டும் மணிக்கு 4,610 கிலோ என்று நின்றது. "தம்பி, ஓடுற மெஷின் முழுசாத் தந்தாலும் 4,100ஐத் தாண்டாதே, எங்க இருந்து வருது மிச்சக் காற்று?" என்று கேட்டார் கம்ப்ரஷர் அறை அண்ணை. அவர் கேட்டது சரிதான், மிச்சக் காற்று எங்கிருந்தும் வரவில்லை.

பிளேட் நேரடியாகத் தருவது இரு பக்க அழுத்த வித்தியாசம் மட்டும்தான், அதை நிறையாக மாற்றப் பிளேட்டுக்கு முன்பக்க அடர்த்தி ρ1 வேண்டும்.

```
qm = C/√(1−β⁴) · ε · (π/4)d² · √(2·Δp·ρ1)
ρ1 = P1·M/(Z·R·T1)
```

முதல் வழி, ρ1ஐ வடிவமைப்பு நிலையில் ஒரு தடவை கணக்கிட்டு அப்படியே விட்டுவிடுவது. எங்கள் மீட்டரில் இருந்தது இதுதான். 7 பார் கேஜ், 35 பாகையில் காற்றின் அடர்த்தி 9.06 kg/m³. அன்றைக்கு இருந்ததோ 5.5 பார், ஆஃப்டர்கூலரும் திணறியதால் 45 பாகை, அடர்த்தி 7.13தான். வர்க்கமூலம் எடுத்தால் விகிதம் 0.887. Δp 25 kPa, மீட்டர் 4,610 என்றது, உண்மை கிட்டத்தட்ட 4,080. அண்ணையின் 4,100க்குள் அழகாக அடங்குகிறது. ரெகுலேட்டர் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும் லைனுக்கு, அதுவும் போக்கு தெரிந்தால் போதும் என்றால், இந்த வழியை வைத்துக்கொள்ளலாம். வேறு எதற்கும் நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இரண்டாம் வழியில் அழுத்த டிரான்ஸ்மிட்டர் ஒன்றும் வெப்பமானி ஒன்றும் போட்டு, வாசிப்பை √((P/Pd)·(Td/T)) ஆல் பெருக்க வேண்டும் (d என்பது வடிவமைப்பு நிலை). எங்கள் லைனில் பிழையின் பெரும்பகுதி அழுத்தத்தில்தான் வருகிறது, 10 பாகை வெப்ப மாற்றம் 1.6 சதவீதம்தான் அசைக்கும். ஆனால் P தனி அழுத்தமாகவும் T கெல்வினிலும் இருக்க வேண்டும், ஆட்கள் வழுக்குவது இங்கேதான். கேஜ் அழுத்தத்தையே போட்டால் 5.5 பாரில் 1.7 சதவீதம்தான் குறையும், கண்ணுக்கு அகப்படாது. வடிவமைப்பு நிலையிலோ இரண்டு விதமும் 1 என்றே வரும். கண்டுபிடிக்க, வெப்பத்தை வடிவமைப்பு மதிப்பில் வைத்துக்கொண்டு கேஜ் அழுத்தம் பூச்சியம் என்று கொடுத்துப் பாருங்கள். திருத்தக் காரணி 0.356 வந்தால் சரி, பூச்சியம் வந்தால் யாரோ 1.013 பாரைக் கூட்ட மறந்திருக்கிறார்கள். டிரான்ஸ்மிட்டரை பிளேட்டுக்கு முன்பக்கத் துளையில் பொருத்துங்கள், வெப்பமானியைப் பிளேட்டுக்குப் பின்னால் குழாய் விட்டத்தின் 5 முதல் 15 மடங்கு தூரத்தில்.

மூன்றாவது, இதோடு ε என்ற விரிவுக் காரணியையும் ஒவ்வொரு கணமும் கணக்கிடுவது. துளையைத் தாண்டும்போது வாயு விரிந்து அடர்த்தி குறைகிறது, ε அதற்கான ஈடு. ISO 5167-2 தரும் சமன்பாடு இது:

```
ε = 1 − (0.351 + 0.256β⁴ + 0.93β⁸)·[1 − (p2/p1)^(1/κ)]
```

p1 பிளேட்டுக்கு முன்பக்கத் தனி அழுத்தம், p2 பின்பக்கத்தது. p2/p1 0.75க்குக் கீழே போனால் இது செல்லாது. காற்றுக்கு κ 1.4. எங்கள் லைனில் 7 பாரில் ε 0.991, 5.5 பாரில் 0.989, வித்தியாசம் 0.2 சதவீதம், அவ்வளவுதான். அடர்த்தித் திருத்தத்தின் 11 சதவீதத்துக்குப் பக்கத்தில் அது தூசு. அதற்காகக் காசு செலவழித்து மல்டிவேரியபிள் டிரான்ஸ்மிட்டர் வாங்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் அதே β உள்ள பிளேட்டைக் கழிவுநீர்த் தொட்டிக்குக் காற்றூதும் புளோயர் லைனில் வைத்துப் பாருங்கள், கதை மாறிவிடும். அங்கே அழுத்தம் 0.2 பார் கேஜ்தான், தனி அழுத்தமாக 121 kPa. Δp 25 kPa என்றால் p2/p1 0.794, ε 0.939க்கு இறங்கிவிடுகிறது, Δp பாதியானால் 0.970. முழு ஓட்டத்து மதிப்பையே மாறாமல் வைத்திருந்தால் பாதி Δp-இல் மீட்டர் 3 சதவீதம் குறைத்துக் காட்டும், அழுத்தமும் வெப்பமும் எவ்வளவு சரியாகத் திருத்தியிருந்தாலும். Δp/p1 தான் பார்க்க வேண்டிய எண்: எங்கள் பெரிய லைனில் அது 0.03, புளோயரில் 0.2.

அதனால் கம்ப்ரஷர் லைனுக்கு இரண்டாம் வழியையே போட்டோம், பழைய பிளேட்டைக் கழற்றக்கூட இல்லை. புளோயருக்கு மூன்றாவதைக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.