யாழ்ப்பாண விடுதி வைஃபை: கோளாறு அறைக்குள்ளா, வெளி இணைப்பிலா?

லப்டொப்போடு யாழ்ப்பாணம் வந்து நல்லூர், திருநெல்வேலி, ஸ்டான்லி வீதிப் பக்கம் விடுதி எடுப்பவர்கள் முதலில் செய்வது ஒரு வேகச் சோதனை. 30 எம்பிபிஎஸ் என்று காட்டினால் நிம்மதியாகப் பெட்டியைப் பிரிப்பார்கள். அன்றிரவே சூம் கூட்டத்தில் குரல் வெட்டி வெட்டி வரும். சோதனை பொய் சொல்லவில்லை. சில விநாடிகளில் எவ்வளவு தரவு வந்தது என்பதைத்தான் அது அளக்கிறது. கூட்டம் கெடுவதோ பக்கெட் எனப்படும் தரவுப் பொதிகள் வழியில் தொலைவதாலும், தாமதம் திடீர் திடீரென்று ஏறுவதாலும். நீண்ட காலம் இங்குள்ள பகிர்வு இணைப்புகளில் வேலை பார்த்ததில் கைகொடுத்த வழி ஒன்றுதான்: இணைப்பை இரண்டு துண்டாகப் பிரித்துத் தனித்தனியே அளப்பது.

முதல் துண்டு, உங்கள் லப்டொப்பிலிருந்து விடுதியின் ரவுட்டர் வரை. இரண்டாவது, ரவுட்டரிலிருந்து வெளியுலகம் வரை. விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் `ipconfig` அடித்தால் `Default Gateway` என்ற வரியில் ரவுட்டரின் முகவரி இருக்கும். அது 192.168.1.1 என்று வைத்துக்கொண்டால், இரண்டு கட்டளைச் சாளரங்களைத் திறந்து, இந்த இரண்டு பிங்கையும் சாளரத்துக்கொன்றாக ஒரே நேரத்தில் ஓட விடுங்கள். முதலாவது ரவுட்டரையும், இரண்டாவது வெளியுலகில் உள்ள 1.1.1.1 என்ற முகவரியையும் கூப்பிட்டு, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும்:

```
ping -n 100 192.168.1.1
ping -n 100 1.1.1.1
```

மக் கணினியில் `-n` இருக்கும் இடத்தில் `-c` போட வேண்டும். ஏறத்தாழ இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ரவுட்டருக்கான பதில் 10 மில்லி விநாடிக்குள் ஒரே சீராக வந்தால் முதல் துண்டு நலம். அதிலேயே 150, 300 என்று துள்ளினாலோ, நடுநடுவே `Request timed out` வந்தாலோ, கோளாறு அறைக்கும் ரவுட்டருக்கும் இடையில் இருக்கிறது. வெளி இணைப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உங்களுக்கு அது வந்து சேராது. சில இடங்களில் ரவுட்டர் பிங்குக்குப் பதில் தராதபடி பூட்டியிருப்பார்கள். 100-இல் ஒன்றுகூட வராமல், இணையம் மட்டும் திறக்கிறது என்றால் அதுதான் காரணம். அப்போது `tracert -d 1.1.1.1` கொடுத்து, முதலில் பதில் தரும் முகவரியைப் பிங் செய்யலாம்.

நல்லூர்ப் பக்கத்தில் பழைய வீட்டை விடுதியாக்கிய ஓர் இடத்தின் அளவுகளைப் பாருங்கள். ரவுட்டர் கீழே முன் விறாந்தையில், அறை மேல்மாடியின் பின்பக்கம். அறைக்குள் ரவுட்டருக்கான பிங் 4 முதல் 380 வரை ஆடியது. 100-இல் 7 தொலைந்தன. கதவைத் திறந்து படிக்கட்டுத் தலைப்பில் உட்கார்ந்தால் 3 முதல் 12, ஒன்றும் தொலையவில்லை. அதே வைஃபை, அதே நேரம். இடையில் நின்றது தடித்த சுண்ணாம்புச் சாந்துச் சுவரும் பிறகு போட்ட கொங்கிறீட் தட்டும்தான். இப்படியான கட்டடங்களில் ஓர் அறை தள்ளிப் போனாலே சிக்னல் பாதியாகிவிடும்.

இந்த நிலையில் அடுத்துப் பார்க்க வேண்டியது, எந்த அலைவரிசையில் ஒட்டியிருக்கிறீர்கள் என்பது:

```
netsh wlan show interfaces
```

`Channel` 1 முதல் 13-க்குள் இருந்தால் 2.4 கிகாஹேர்ட்ஸ், 36-உம் அதற்கு மேலும் பொதுவாக 5 கிகாஹேர்ட்ஸ். 2.4 சுவரைத் தாண்டும், ஆனால் ஒழுங்கையில் உள்ள அத்தனை வீட்டு ரவுட்டர்களும் அதில்தான் நெருக்கியடிக்கின்றன. 5 வேகமானது, நெரிசல் குறைவு, இரண்டு சுவருக்கு அப்பால் சோர்ந்துவிடும். `Signal` 50 சதவீதத்துக்குக் கீழே போனால் இடத்தை மாற்றுவதுதான் மருந்து. மாடிக்கொரு வைஃபை கருவி வைத்திருக்கும் விடுதிகளில் இன்னொரு சிக்கல் உண்டு: கீழே சாப்பிடும்போது பிடித்த கருவியை, அறைக்கு வந்த பிறகும் லப்டொப் விடாமல் பிடித்திருக்கும். வைஃபையை அணைத்துப் போட்டால் பக்கத்தில் உள்ளதைப் பிடிக்கும். ஆகவே அறை எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, “அண்ணை, ரவுட்டர் எந்தப் பக்கம் வச்சிருக்கிறியள்? மேல வேற ஒண்டு இருக்கோ?” வேகம் எவ்வளவு என்று கேட்பதைவிட இதற்குத்தான் பயனுள்ள பதில் கிடைக்கும்.

ரவுட்டர் வரை சீராக இருந்து 1.1.1.1 மட்டும் ஆடினால் கதை வேறு. வெளி இணைப்பு நெரிகிறது. உறுதி செய்ய `ping -t 1.1.1.1` ஓடும்போதே வேகச் சோதனையையும் ஓட்டுங்கள். பதிவேற்றக் கட்டத்தில் 40 இலிருந்த தாமதம் 800-க்கு ஏறினால், ரவுட்டர் பக்கெட்டுகளைக் கைவிடாமல் நீண்ட வரிசையில் நிறுத்தி வைக்கிறது என்று பொருள். இரவு எட்டு, ஒன்பது மணிக்கு விருந்தினர்களின் போன்கள் அன்றைய படங்களைக் கிளவுடுக்கு ஏற்றத் தொடங்கும்போது நடப்பதும் இதுதான். பதிவிறக்கத்துக்கு எவ்வளவு இடம் மிச்சமிருந்தாலும் உங்கள் குரல் அந்த வரிசையின் வாலில் நிற்கும்.

மற்றவர்களின் போனை நிறுத்த முடியாது; உங்கள் பங்கைக் குறைக்கலாம். விண்டோஸில் அந்த வைஃபையின் பண்புகளுக்குள் `Metered connection`-ஐப் போட்டுவிட்டால் ஒன்டிரைவ் ஒத்திசைவு நின்றுவிடும், பெரிய அப்டேட்டுகளும் பெரும்பாலும் காத்திருக்கும். சூமில் எச்டி வீடியோவை அணையுங்கள். நிலைமை மோசமானால் படத்தையே நிறுத்துங்கள். குரலுக்கு மட்டும் 100 கேபிபிஎஸ் அளவே போதும். பெரிய கோப்புகளை அதிகாலை ஐந்து மணிக்கு விடுங்கள். அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும் வழியில் அனுப்புவது முக்கியம். மக்கிலோ லினக்ஸிலோ, விண்டோஸ் என்றால் WSL-க்குள்ளோ இப்படி அடியுங்கள், அறுந்தால் அதையே மறுபடி ஓட்டுங்கள்:

```
rsync -av --partial --bwlimit=200 veelai/ user@server:veelai/
```

200 என்பது விநாடிக்கு 200 கிலோபைட். பதிவேற்றம் 3 எம்பிபிஎஸ் உள்ள இணைப்பில் இது பாதிக்குச் சற்று மேல். பக்கத்தில் ஒரு குரல் அழைப்பு தடையின்றி ஓடும்.

மாற்றாக போன் டேட்டாவை நம்புகிறீர்கள் என்றால், சிம் வாங்கும் முன் விடுதி வைஃபையில் `ipinfo.io/json` திறந்து `org` என்ற வரியைப் பாருங்கள். விடுதிக்கு இணைப்புத் தரும் நிறுவனம் எது என்று தெரியும். பல சிறு விடுதிகள் 4ஜி ரவுட்டரில்தான் ஓடுகின்றன. அதே நிறுவனத்தின் சிம்மை வாங்கினால் இரண்டும் ஒரே கோபுரத்தில் போய் முட்டும், ஒன்று படுத்தால் மற்றதும் படுக்கும். வேறு நிறுவனத்துச் சிம்தான் உண்மையான மாற்று. போனை ஜன்னல் ஓரத்தில் வைத்து யூஎஸ்பி வயரால் இணைத்து, போனில் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள், நெரிசலான 2.4-ஐ இன்னொரு ஹொட்ஸ்பொட்டால் நிரப்ப வேண்டியதில்லை, பட்டரியும் இறங்காது. அண்ட்ரொய்டில் சிம் நிலைப் பக்கத்தில் சிக்னல் -110 டிபிஎம்முக்குக் கீழே இருந்தால் அந்த ஜன்னலை விட்டு வேறு ஜன்னலைத் தேடுங்கள். -85 காட்டியும் இழுபட்டால் கோபுரத்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள். போனை எங்கே வைத்தாலும் மாறாது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றியுள்ள விடுதிகளில் இதற்கு ஆயத்தமாக இருங்கள்.

பகிர்வு அலுவலகங்களில் சிக்னல் பெரும்பாலும் சிக்கலில்லை. முதல் துண்டு நன்றாகவே இருக்கும். அங்கே மேசைக்கடியில் லான் பொருத்தி இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு யூஎஸ்பி-லான் அடப்டரைப் பையில் வைத்திருங்கள். கரண்ட் போனால் என்ன நடக்கும் என்றும் கேட்டு வையுங்கள். ஜெனரேட்டர் உடனே எழும்பினாலும், ரவுட்டர் யூபிஎஸ்ஸில் இல்லையென்றால் அது மறுபடி தொடங்கி இணைப்பைப் பிடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். அந்த இடைவெளிக்கு, கூட்டம் தொடங்கும் முன்பே போன் வயரைச் செருகி வைத்திருந்து, கரண்ட் போனதும் யூஎஸ்பி டெதரிங்கைப் போட்டால் விண்டோஸ் அதற்கு மாறிக்கொள்ளும். சூம் சில விநாடி திணறிவிட்டு மீண்டும் இணையும்.