பதினைந்தாவது ஆடு இறங்கிய பிறகு

ஆடுபுலி ஆட்டத்தில் எப்போதும் ஆட்டுப் பக்கத்தையே கேட்டு வாங்கி ஆடுகிறவன் நான். ஓரத்திலிருந்து அடுக்கிக்கொண்டு வரும் என் முறையைப் பார்த்துப் பழகிய நண்பர் ஒருவர், "எல்லா ஆட்டையும் பத்திரமாக இறக்கிவிடுகிறேன், அப்புறம்தான் ஒவ்வொன்றாக வெட்டுப்படுகின்றன, ஏன்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதில்தான் இது. 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி உள்ள முக்கோணப் பலகைக்கு மட்டுமே பொருந்தும்.

புலி வெட்ட வேண்டுமானால், ஆட்டுக்கு ஒரு பக்கம் அது நிற்க வேண்டும். அதே கோட்டில் மறுபக்கம் காலியாக இருக்க வேண்டும். ஆகவே கோடுகள் முடிகிற இடத்தில் உட்கார்ந்த ஆட்டை எந்தப் புலியாலும் தொட முடியாது. அப்படிப்பட்ட இடங்கள் 7. உச்சி, மூன்று குறுக்குக் கோடுகள் சேர்ந்து அமைக்கும் செவ்வகத்தின் நான்கு மூலைகள், அடிக்கோட்டின் இரு முனைகள். உச்சியை விட்டுவிட்டு மற்ற ஆறையும் முதலில் பிடிப்பேன். அதன் பிறகு ஒவ்வொரு ஆட்டையும், அது நிற்கும் ஒவ்வொரு கோட்டிலும் ஒரு பக்கமாவது இன்னோர் ஆடு முட்டுக்கொடுக்கும் இடத்தில் மட்டுமே வைப்பேன். இப்படி அடிக்கோடு நிறையும், இரு ஓரங்களும் நிறையும், கீழ்க் குறுக்குக்கோடு நிறையும். அதற்குள் 14 ஆடு இறங்கியிருக்கும். பதினைந்தாவதை நடுக் குறுக்குக்கோட்டில் இடது ஓர ஆட்டுக்குப் பக்கத்தில் வைப்பேன். இந்த நிலையில் எந்தப் புலியாலும் எதையும் வெட்ட முடியாது.

என்னை இன்றுவரை எரிச்சலூட்டும் விதி இங்கேதான் வருகிறது. இறக்கி முடித்ததும் ஆட்டை நகர்த்தியே ஆக வேண்டும். சும்மா இருக்க அனுமதி இல்லை. குறையே இல்லாத அரணை நம் கையாலேயே கலைக்கச் சொல்கிறது ஆட்டம். நண்பர் கீழ்க் குறுக்குக்கோட்டின் நடுவிலிருந்து ஓர் ஆட்டை மேலே தள்ளுகிறார். அது விட்டுவந்த இடம் அதற்குப் பின்னாலேயே காலியாகிறது. அந்தக் கோட்டில் மேலே நிற்கும் புலி ஆட்டைத் தாண்டி நேராக அரணுக்குள் இறங்குகிறது.

நான் நகர்த்துவது மேல்வரிசையின் இடது மூலை ஆட்டை. அது பக்கத்துப் புள்ளிக்குப் போகும். அந்தப் புள்ளிக்கு அடுத்ததில் புலி நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். நின்றால் நகர்த்தக் கூடாது. அடுத்த முறை, நடு ஓர ஆடு மேலேறிக் காலி மூலையை நிரப்பும். இப்போது நடுக் குறுக்குக்கோட்டில் பதினைந்தாவது ஆட்டுக்கு முட்டு இல்லை. அதற்கு வலப்பக்கம் புலி இருந்தால் இந்த நகர்வையும் தள்ளிப்போட வேண்டும். மூன்றாவதாக, கீழ் மூலை ஆடு நடு ஓரத்துக்கு ஏறும். முன்னால் ஓர் ஆடு கூடியிருக்கிறது, காலியிடமோ கீழ் மூலைக்குப் போய்விட்டது. அங்கே எந்தப் புலியும் எட்டாது.

அந்தக் காலி மூலையைப் போல எனக்குப் பிடித்த இடம் பலகையில் வேறு இல்லை. கீழ்க் குறுக்குக்கோட்டில் அதற்கு அடுத்த ஆட்டை மூலைக்கு நகர்த்துங்கள், மறுமுறை திரும்பக் கொண்டு வாருங்கள். இரு நிலையிலும் எந்த ஆட்டுக்கும் முட்டுப் போகாது. எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். நம்மைக் கலைக்க வந்த விதி இப்போது புலிகளைத் துரத்துகிறது: 7 புள்ளிகளுக்குள் மூன்றும் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

நான் வாங்கிய அச்சு அட்டை ஒன்றில் இரு ஓரக் கோடுகளையும் விட்டுவிட்டார்கள். ஓரம் இல்லாவிட்டால் இந்த மூன்றில் பின்னிரண்டு நகர்வும் நடக்காது. கோடு போடத் தெரியாதவர்கள் ஏன் விற்க வருகிறார்கள்?

குறையையும் சொல்ல வேண்டும். இதே மூன்று நகர்வை வலது ஓரத்தில் அப்படியே செய்ய முடியாது. அங்கே நடு வரிசையில் முட்டு ஆடு இல்லாததால், உச்சியிலிருந்து இறங்கும் வெட்டு விழும். புலி ஏற்கனவே மூலையில் போய் உட்கார்ந்துவிட்டால் அடுக்கும் வரிசையும் மாறும். ஆனால் அது ஆட்டுக்காரருக்கு நல்லது: மூலைப் புலியை அடைக்க 4 ஆடு போதும், உச்சியில் இருப்பதை அடைக்க 8 வேண்டும்.

இவ்வளவு பாராட்டியும், நண்பருக்கு இந்த முறையைப் பரிந்துரைக்க மாட்டேன். வெட்டுப்படாமல் இருப்பது ஒன்று, மூன்று புலிகளையும் கட்டுவது வேறு; இதில் இரண்டாவதற்கு நெடுநேரம் பிடிக்கும். அவருக்கு அந்தப் பொறுமை கிடையாது. அவர் புலியை எடுத்துக்கொள்ளட்டும், நான் ஆட்டை எடுக்கிறேன்.