டிவியில் செருகிய ஹார்ட் டிஸ்க் அடிக்கடி துண்டிக்கப்பட்டால்

2 டெராபைட் கையடக்க ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் சில ஆண்டுகளாக டிவியோடு பயன்படுத்தி வருகிறேன். தொடக்கத்தில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாதனம் நீக்கப்பட்டதாகத் திரையில் அறிவிப்பு வரும். சில நொடிகளில் டிஸ்க் தானாகவே திரும்ப இணையும். அதே டிஸ்க் கணினியில் நாள் முழுக்கச் சிக்கலின்றி ஓடியது. அதே படத்தைப் பென் டிரைவில் போட்டால் டிவியும் தகராறு செய்யவில்லை. மிச்சமிருந்த சந்தேகம் மின்சாரம்தான்.

டிவியின் யு.எஸ்.பி. துளைக்கு அருகில் 5 வோல்ட், 0.5 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. யு.எஸ்.பி. 2.0 தரத்தின் அளவு அவ்வளவுதான், 3.0 என்றால் 0.9. டிஸ்க்கின் அடியில் ஒட்டியிருந்த தாளோ 1 ஆம்பியர் கேட்டது. சீராகச் சுழலும்போது அதில் பாதியே போதும் என்பதால் படம் ஓடிவிடுகிறது. தட்டு சுழலத் தொடங்கும்போதும், படத்தை முன்னோக்கி ஓட்டுகையில் படிக்கும் முனை அங்குமிங்கும் பாயும்போதும் தேவை சட்டென்று ஏறுகிறது. அப்போது மின்னழுத்தம் சரிந்து, 'டிக்' என்று ஒலித்து, விளக்கு அணைந்து, தட்டு மறுபடி சுழல ஆரம்பிக்கும். நீளமான, மெல்லிய கேபிள் இதை இன்னும் மோசமாக்கும். கணினியிலும் அந்த ஒலி கேட்டால் டிஸ்க்கே பழுதாகிறது என்று பொருள். உடனே எல்லாவற்றையும் நகலெடுத்துவிடுங்கள். ஒலி எதுவுமில்லாமல், படத்தை நெடுநேரம் நிறுத்தி வைத்த பிறகு மட்டும் துண்டிக்கப்பட்டால், டிஸ்க் தூங்கப்போய்விட்டது என்று கொள்ளலாம். அதற்கு மின்சாரம் காரணமில்லை.

எனக்குத் தீர்வு தந்தது, ஒரு யு.எஸ்.பி. துளையைப் பலவாகப் பிரிக்கும், தனி அடாப்டருடன் வரும் ஹப். அடாப்டர் இல்லாத ஹப் டிவி தரும் அதே அரை ஆம்பியரைத்தான் பங்கு போடும். அதை வாங்குவதில் பயனே இல்லை. 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் ஒரு டிஸ்க்குக்குத் தாராளம். அதை மாட்டிய பிறகு எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் இணைப்பு அறுவதில்லை. ஆனால் சில டிவிகள் ஹப்பையே கண்டுகொள்வதில்லை. திருப்பிக் கொடுக்க வசதியுள்ள கடையில் வாங்குவது நல்லது.

இதோடு, டிஸ்க்கில் கோப்புகள் அடுக்கப்படும் விதமான கோப்பு முறைமையையும் மாற்றினேன். ஃபேட்32 முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை வைக்க முடியாது. பெரிய படங்களுக்கு உதவாது. எக்ஸ்ஃபேட் அந்தத் தடையை நீக்கினாலும், மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு அதில் இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் கோப்புறையே காணாமல் போகக்கூடும். அந்தப் பதிவேடு என்டிஎஃப்எஸ் முறையில் உண்டு; என் டிவி அதைப் படிக்கிறது என்பதால் அதற்கே மாறினேன். துண்டிப்புக்குப் பின் கோப்புகள் தெரியாமல் போனால், விண்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்ட்டை நிர்வாகி உரிமையோடு திறந்து, E இருக்கும் இடத்தில் உங்கள் டிஸ்க்கின் எழுத்தைப் போட்டு இதை இயக்கலாம்:

```
chkdsk E: /f
```

டிவியிலேயே நிகழ்ச்சிகளைப் பதிவு செய்ய விரும்பினால் அதற்கு வேறொரு டிஸ்க் வையுங்கள். பல டிவிகள் பதிவுக்கு முன் டிஸ்க்கை முழுவதுமாக அழித்துத் தன் முறையில் வடிவமைத்துக்கொள்ளும். பின்னர் கணினியால் அதைப் படிக்க இயலாது.