ரோலரா, மசாஜ் கன்னா, ஐஸ் குளியலா?

கப்பன் பூங்காவில் ஞாயிறு காலை ஓடிவிட்டு, வார நாட்களில் ஜிம்முக்கும் போகிற அல்சூர் தமிழ் நண்பர்கள் பலர் இந்த மூன்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்றுமே தசைவலியை ஓரளவு குறைக்கலாம். ஐஸ் குளியலுக்கு மட்டும் ஒரு பின்விளைவு உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் அதில் இறங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

2015-இல் வெளியான ஓர் ஆய்வில் ஆண்கள் சிலருக்கு 12 வாரம் கால்களுக்கான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி முடிந்ததும் ஒரு பிரிவினர் 10 டிகிரி நீரில் 10 நிமிடம் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் மெதுவாக சைக்கிள் மிதித்தார்கள். தசையும் வலுவும் அதிகம் கூடியது சைக்கிள் மிதித்தவர்களுக்குத்தான். பயிற்சிக்குப் பிறகு தசையை வளரச் சொல்லி உடலுக்குள் எழும் சமிக்ஞைகளைக் குளிர் அமுக்கிவிடுகிறது. ஆகவே செவ்வாய் மாலை ஸ்குவாட் செய்தவர் அன்றிரவே ஐஸ் நீரில் இறங்கினால், பட்ட பாட்டில் ஒரு பங்கைத் தானே கழித்துக்கொள்கிறார். இன்று ஒரு போட்டி, நாளை இன்னொன்று என்றால் கணக்கு வேறு. அப்போது தசை வளர்வதைவிடக் காலையில் கால் ஒத்துழைப்பதே முக்கியம். ஐஸ் குளியல் பொருத்தமானது.

அதையும் சரியாகச் செய்ய வேண்டும். பொதுவாகச் சொல்லப்படுவது 10 முதல் 15 டிகிரி, 10 முதல் 15 நிமிடம். குழாய் நீர் 24 டிகிரி இருந்தால், 100 லிட்டரை 13 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 12 கிலோ ஐஸ் தேவை. ஃபிரிட்ஜ் தட்டில் உறையும் சில கட்டிகளால் ஒன்றும் ஆகாது; தெர்மாமீட்டரை நீரில் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். இதய நோயோ ரத்தக் கொதிப்போ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

இதில் நம்பிக்கைக்கும் பங்கு உண்டு. 2014-இல் ஓர் ஆய்வில், கடும் பயிற்சி முடித்த சிலரைச் சாதாரணச் சோப்புத் திரவம் கலந்த இளஞ்சூட்டு நீரில், களைப்பிலிருந்து மீள உதவும் எண்ணெய் கலந்தது என்று சொல்லி உட்கார வைத்தார்கள். அவர்களுக்கும் குளிர்நீரில் இருந்தவர்களுக்கு இணையாகவே கால் வலு திரும்பியது.

ஃபோம் ரோலரின் பலன் சிறியது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019-ஆம் ஆண்டு அலசலில், பயிற்சிக்குப் பின் உருட்டியவர்களுக்கு வலி சராசரியாக 6 சதவீதம் குறைந்திருந்தது. தொடையையும் கெண்டைக்காலையும் ஒவ்வொன்றாக, ஓரிரு நிமிடம் மெதுவாக உருட்டினால் போதும். தொடையின் வெளிப்பக்கத்துப் பட்டையான தசைநாரைப் பல்லைக் கடித்துக்கொண்டு உருட்டுகிறவர்கள் நிறைய. அது நீளவே நீளாது, அவ்வளவு கெட்டியானது.

மசாஜ் கன்னுக்கு ஆதாரம் இன்னும் குறைவு. ஓர் ஆய்வில், கெண்டைக்காலில் 5 நிமிடம் வைத்தபோது கணுக்கால் கூடுதலாக 5 டிகிரி அளவு மடங்கியது. வலு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ரோலர் தரும் அதே பலனுக்குப் பல மடங்கு விலை என்பதால், நான் ரோலரையே சொல்வேன். கன் ஏற்கெனவே கையில் இருந்தால் கழுத்திலும் எலும்பின் மேலும் வைக்காதீர்கள். கன்னை வைத்த பிறகு தசை சிதைந்து மருத்துவமனைக்குப் போன நிகழ்வு மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. கடும் வலியோடு சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால், அன்றே மருத்துவரைப் பாருங்கள்.