ஊர்ப் பயணத்தில் ஒரு கார்டு தகராறு: கடைக்காரருக்காக எதுவரை காத்திருக்கலாம்?

செப்டம்பரில் லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்திருந்தேன். வழக்கமாக நாளை விழுங்கும் வேலைகள் இந்த முறை சட்டென்று முடிந்தன. கடப்பிதழ் விண்ணப்பத்தை வீட்டில் உட்கார்ந்தே போட்டேன், அம்மாவின் மருந்து பலதுறை மருந்தகத்திலிருந்து வாசலுக்கே வந்தது. முடியாமல் கிடந்தது அக்கா வீட்டு அலமாரி விஷயம்தான். அதை முழுதாக எழுதுகிறேன். இங்கே நிறையப் பேர் அதே நிலையில் இருக்கிறார்கள், அவர்களில் பலருக்கு, கார்டில் கட்டிய பணத்தை வங்கியில் திரும்பக் கேட்கும் வழி இருப்பதே தெரியவில்லை.

அக்காவும் அத்தானும் செங்காங்கில் புது பிடிஓ வீட்டுக்குக் குடிபோகிறார்கள். மே 4 அன்று ஒரு மரச்சாமான் கடையில் கட்டிலும் இரண்டு அலமாரியும் ஆர்டர் கொடுத்தார்கள். மொத்தம் 4,600 வெள்ளி. அன்றே 3,000 வெள்ளியை விசா கிரெடிட் கார்டில் கட்டினார்கள். பில்லில் ‘ஜூலை 13க்குள் டெலிவரி’ என்று தெளிவாக அச்சாகியிருந்தது. ஜூன் மாதம் கடையிலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: பாக்கியை இப்போதே பேநவ்வில் அனுப்பினால் 100 வெள்ளி தள்ளுபடி. அனுப்பிவிட்டார்கள், 1,500 வெள்ளி.

ஜூலை 13 போனது. கண்டெய்னர் துறைமுகத்தில் நிற்கிறது என்றார்கள், பிறகு அடுத்த வாரம், அதற்கும் அடுத்த வாரம். கடைசியில் ‘ஆகஸ்ட் 24 கண்டிப்பாக’ என்று எழுதினார்கள். அக்கா ‘ஓகே’ என்று பதில் போட்டாள். அந்தத் தேதியும் போனது. வங்கியில் கேட்கலாம் என்று நான் சொன்னதும் அக்கா பயந்தாள். “டேய், நாம வங்கிக்குப் போனது தெரிஞ்சா சாமானும் வராது, காசும் வராது.”

அந்தப் பயத்தில் ஓரளவு நியாயம் உண்டு. கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்பதற்குச் சார்ஜ்பேக் என்று பெயர். அதைக் கேட்டுவிட்டால் பெரும்பாலான கடைகள் அந்த ஆர்டரை அப்படியே நிறுத்திவிடும். அதனால் சாமான்தான் வேண்டும், கடையும் உருப்படியான தகவல் தருகிறது என்றால் சில நாள் பொறுப்பதே மேல். உருப்படியான தகவல் என்று நான் சொல்வது டெலிவரிக்கு நாளும் நேரமும் குறித்த சீட்டு, கிடங்கில் இருக்கும் சாமானின் படம் போன்றவை. வந்த சாமானில் ஒரு கதவு கோணலாக இருந்து, சரிசெய்ய ஆள் வருவதாக இருந்தாலும் அப்படித்தான். வெறும் ‘அடுத்த வாரம்’ அந்த வகையில் சேராது. போனை எடுப்பது நின்றுபோனால், ஷோரூம் பூட்டிக் கிடந்தால், இன்னும் கொஞ்சம் பணம் பேநவ்வில் போடுங்கள் என்று கேட்டால், ஒரு நாள்கூடக் காக்கக் கூடாது. நிறுவனப் பதிவு ஆணையமான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் கடையின் பதிவுப் பெயரை இலவசமாகத் தேடலாம். நிறுவனம் நடப்பில் இருக்கிறதா, கலைப்பில் போய்விட்டதா என்பது அதில் தெரியும். அக்காவின் கடை நடப்பில்தான் இருந்தது.

கடை மூடினாலும் கார்டுப் பணம் திரும்பக் கிடைக்கலாம் என்பது ஏன் என்று அத்தான் கேட்டார். கார்டைத் தேய்த்ததும் பணம் நேரே கடைக்குப் போவதில்லை. நமக்குக் கார்டு கொடுத்த வங்கி ஒரு பக்கம், கடைக்குக் கார்டு வசதி கொடுத்த வங்கி மறுபக்கம், நடுவில் விசா அல்லது மாஸ்டர்கார்டு. கடையின் வங்கி, சீட்டுப் பிடிப்பவருக்கு ஜாமீன் போட்டவரைப் போல. நம் வங்கி சார்ஜ்பேக் போட்டால் பணம் அந்த வங்கியிடமிருந்து எடுக்கப்படுகிறது, அது கடையிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். கடை திவாலானால் நஷ்டம் அந்த வங்கிக்கு. ரொக்கமாகவோ பேநவ்விலோ கட்டியவருக்கு அந்த ஜாமீன் இல்லை. 2016 ஜூலையில் கலிஃபோர்னியா ஃபிட்னஸ் உடற்பயிற்சிக்கூடங்கள் இங்கே மூடப்பட்டபோது, முன்பணம் கட்டியிருந்த உறுப்பினர்கள் பலர் இந்த வித்தியாசத்தைக் கைக்காசு போன பிறகுதான் யோசிக்க நேர்ந்தது.

பிரிட்டனில் 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளைக் கிரெடிட் கார்டில் வாங்கினால், கடையின் பொறுப்பில் கார்டு நிறுவனத்துக்கும் பங்கு உண்டு என்று 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டமே சொல்கிறது. சிங்கப்பூரில் அப்படி ஒரு சட்டப் பிரிவு இல்லை. இங்கே சார்ஜ்பேக் என்பது விசா, மாஸ்டர்கார்டு விதிகளின்படி வங்கிகள் தங்களுக்குள் நடத்துவது. அதனால் ‘இது என் உரிமை’ என்று குரல் உயர்த்துவதில் பயன் குறைவு. அந்த விதி கேட்கும் புகார் வகையும் தேதியும் காகிதமும் சரியாக இருந்தால் போதும்.

தேதியில்தான் முதல் சிக்கல். அக்கா வங்கிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் கேட்ட பதில்: “மே 4 பரிவர்த்தனையா? 120 நாள் செப்டம்பர் 1ஆம் தேதியே முடிந்துவிட்டது, மேடம்.” பலர் இந்த இடத்தில் போனை வைத்துவிடுவார்கள். கார்டில் பணம் எடுத்த நாளிலிருந்து 120 நாள் எண்ணுவது, டெலிவரிக்குத் தேதியே குறிக்காத ஆர்டருக்கு. தேதி குறித்திருந்தால், பொருள் வரும் என்று கடைசியாக எதிர்பார்த்த நாளிலிருந்து 120 நாள். ஜூலை 13இலிருந்து எண்ணினாலே நவம்பர் 10 வரை நேரம் இருந்தது. ஆகஸ்ட் 24 என்று புதுத் தேதிக்கு ஒப்புக்கொண்டதால் அது டிசம்பர் 22 வரை நீண்டது. ஆனால் இப்படி எவ்வளவு தள்ளினாலும் பணம் எடுத்த நாளிலிருந்து 540 நாளைத் தாண்ட முடியாது. அக்கா பில்லில் இருந்த டெலிவரி தேதியைப் படித்துக் காட்டி, ‘பொருள் வரவில்லை’ என்ற வகையில் பதியச் சொன்னாள். தொலைபேசியில் இருந்தவர் சற்று நேரம் காக்க வைத்துவிட்டு, சரி, படிவம் அனுப்புகிறேன் என்றார்.

புதுத் தேதிக்கு ‘ஓகே’ சொல்வதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்தத் தேதி தாண்டும்வரை பொருள் வரவில்லை என்று புகார் கொடுக்க முடியாது. டிசம்பருக்கு ஒப்புக்கொண்டால் டிசம்பர் வரை கை கட்டித்தான் நிற்க வேண்டும். அந்த மூன்று மாதத்தில் கடை என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? பில்லில் தேதியே இல்லையென்றால், புகார் போடும் முன் பணம் கட்டிய நாளிலிருந்து விசாவில் 15 நாளும் மாஸ்டர்கார்டில் 30 நாளும் பொறுக்க வேண்டும். ஆகவே ஆர்டர் கொடுக்கும்போதே பில்லில் டெலிவரி தேதியை எழுதி வாங்கிவிடுங்கள்.

அடுத்தது வகை. படிவத்தின் முதல் கேள்வியே, இந்தப் பரிவர்த்தனையைச் செய்தது நீங்கள்தானா என்பது. ‘நான் செய்யவில்லை’ என்று குறித்தால் சீக்கிரம் நடக்கும் என்று அக்காவின் தோழி ஒருத்தி யோசனை சொன்னாளாம். அது பொய், அதோடு காரியத்தையும் கெடுக்கும். மோசடி என்று பதிந்தால் கார்டையே ரத்து செய்துவிடுவார்கள். கார்டை நேரில் பின் எண்ணோடு போட்டதற்கோ, இணையத்தில் ஓடிபி கொடுத்ததற்கோ பதிவு கடையின் வங்கியிடம் இருக்கும். அதைக் காட்டினால் கேஸ் அன்றே விழும்.

வங்கிக்குப் போவதற்கு முன் கடையிடம் கேட்டுப் பார்த்ததற்குச் சான்று வேண்டும். அக்கா மின்னஞ்சல் எழுதினாள், நான் பக்கத்தில் இருந்தேன். ஆர்டர் எண், ஜூலை 13, ஆகஸ்ட் 24 என்ற இரு தேதிகள், இன்றுவரை எதுவும் வரவில்லை, ஆகவே ஆர்டரை முடித்துக்கொள்கிறேன், ஏழு நாளில் பணத்தைத் திருப்பித் தாருங்கள், 3,000 வெள்ளி அதே கார்டுக்கு. இதில் காரணத்தை முதலில் எழுதியது முக்கியம். ‘ரத்து செய்கிறேன்’ என்று மட்டும் எழுதினால், ரத்து செய்தால் முன்பணம் திரும்பாது என்ற பில்லின் பின்பக்க நிபந்தனையைக் கடை தூக்கிக் காட்டும். மனம் மாறி ரத்து செய்வது வேறு, பொருள் வராததால் முடித்துக்கொள்வது வேறு.

கடையின் பதில் மறுநாளே வந்தது: பணத்துக்குப் பதில் அதே மதிப்புக்குக் கடை வவுச்சர். அக்கா வேண்டாம் என்று எழுத்திலேயே மறுத்தாள். வவுச்சரை வாங்கியிருந்தால், பிரச்சினையைத் தீர்த்துவிட்டோம் என்று கடை காட்ட ஒரு காகிதம் கிடைத்திருக்கும். ஏழு நாள் முடிந்த காலை படிவத்தை அனுப்பினாள். கூடவே பில், கார்டு கணக்கறிக்கை, தேதிகள் தெரியும் வாட்ஸ்அப் படங்கள், மின்னஞ்சலும் பதிலும், எல்லாவற்றையும் தேதிவாரியாகச் சொல்லும் ஒரு பக்கக் குறிப்பு. படிவத்தைப் பார்க்கும் அதிகாரிக்கு அந்த ஒரு பக்கம்தான் பெரிய உதவி. தொகை 3,000 மட்டும். பேநவ் பணத்தையும் சேர்த்து 4,500 என்று எழுதியிருந்தால் கார்டுப் பதிவோடு பொருந்தாமல் படிவம் திரும்பி வந்திருக்கும்.

சில வாரத்தில் 3,000 வெள்ளி அக்காவின் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்கப்பட்டது. இந்தக் கட்டத்தில் அதைக் கிடைத்த பணம் என்று எண்ணக் கூடாது, கடை எதிர்வாதம் வைத்து ஜெயித்தால் வங்கி திரும்ப எடுத்துக்கொள்ளும். எல்லா வங்கியும் இடையில் வரவு வைப்பதில்லை, அதனால் கார்டு பில்லை என்ன செய்வது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். கடை எதிர்வாதம் வைக்கத்தான் செய்தது. அக்காவின் ‘ஓகே’ செய்தியைக் காட்டி, தாமதத்துக்கு அவரே சம்மதித்தார் என்றது. ஆனால் ஆகஸ்ட் 24 தாண்டிய பிறகும் டெலிவரி கையெழுத்து ஒன்றும் அதனிடம் இல்லை. நான் லண்டன் திரும்பிய பிறகு, வரவு நிரந்தரமாகிவிட்டது என்ற வங்கிக் கடிதத்தை அக்கா படம் எடுத்து அனுப்பினாள். இடையில் கடையும் தனியாகப் பணம் அனுப்பியிருந்தால் அதை வங்கியிடம் உடனே சொல்ல வேண்டும், இரண்டு முறை வாங்கினால் அது பெரிய தலைவலி.

பேநவ்வில் போன 1,500 வெள்ளிக்கு இந்த வழி எதுவும் இல்லை. பேநவ் கணக்குக்குக் கணக்கு போகும் பணம், அதற்குச் சார்ஜ்பேக் கிடையாது. 100 வெள்ளித் தள்ளுபடிக்கு விட்டுக்கொடுத்தது அந்தப் பாதுகாப்பைத்தான். அதற்காக அக்கா சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போட்டிருக்கிறாள். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கேட்கலாம், விவகாரம் எழுந்த இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. 5,000 வெள்ளிக்குள் இருந்தால் தனிநபருக்குக் கட்டணம் 10 வெள்ளி. வங்கிக்குக் கொடுத்த அதே ஒரு பக்கக் குறிப்பையே, கார்டுப் பணம் திரும்ப வந்துவிட்டது என்ற ஒரு வரியைச் சேர்த்து, அங்கும் கொடுத்தாள்.